கனத்த கண்ணாடிக்குள் திரும்பும் ஒளி

1845 செப்டம்பர் 13. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே காலையிலிருந்து ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து மின்காந்தத்தின் அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விளக்கின் ஒளியை ஒரு கண்ணாடிப் பரப்பில் தக்க கோணத்தில் பட்டுத் தெறிக்கவிட்டால், அதன் அதிர்வு ஒரே தளத்துக்குள் அடங்கிவிடும். தளவிளைவு என்று நாம் பள்ளியில் படித்தது இதைத்தான். ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் நிக்கோல் பட்டகம் ஒன்று எதிரே இருந்தது; அதைத் திருப்பி, அந்த ஒளி முழுக்க அணையும் நிலையில் நிறுத்தியிருந்தார். காந்தம் ஏதாவது செய்தால் இருட்டில் விளக்கின் உருவம் தெரிய வேண்டும். சாதாரண ஃபிளின்ட் கண்ணாடி, படிகக்கல், கால்சைட் என்று எதிலும் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அவர் எடுத்தது, பதினைந்து ஆண்டுகளுக்கும் முன்னால் தொலைநோக்கிக் கண்ணாடியை மேம்படுத்தும் வேலைக்காக அவரே உருக்கி வார்த்த ஒரு துண்டு. ஈயமும் போரானும் சிலிக்காவும் கலந்தது, கையில் எடுத்தாலே கனம் தெரியும். சுமார் 2 அங்குலச் சதுரம், அரை அங்குலத் தடிமன். காந்த முனைகளை ஒளியின் குறுக்கே வைத்தபோது அதிலும் ஒன்றும் இல்லை. காந்த விசைக்கோடுகள் ஒளி செல்லும் திசையிலேயே ஓடும்படி மாற்றி வைத்து மின்சாரத்தைச் செலுத்தியதும் விளக்கு தெரிந்தது. மின்சாரத்தை நிறுத்தினால் மறைந்தது. பட்டகத்தைச் சற்றே திருப்பினால் மறுபடியும் இருண்டது. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு மனிதர் கண்ட முதல் நேரடிச் சான்று இது.

பட்டகத்தைத் திருப்பியதும் மீண்டும் இருண்டது என்பதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒளி கெடவில்லை, கலங்கவில்லை. அதன் அதிர்வுத் தளம் அப்படியே ஒரு கோணம் திரும்பியிருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது.

ஏன் திரும்புகிறது? வட்டமான ஒரு கிணற்றைச் சுற்றி இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் கிளம்பி, ஒரே வேகத்தில் எதிரெதிராக ஓடுவதாக நினையுங்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் ஓரிடத்தில் சந்திப்பார்கள், பிறகு கிளம்பிய இடத்தில் சந்திப்பார்கள். இந்த இரண்டு இடங்களையும் சேர்த்தால் ஒரு நேர்கோடு. ஒரே கோட்டில் அதிரும் ஒளியும் இப்படித்தான்: வலமாகச் சுழலும் ஓர் அலையும் இடமாகச் சுழலும் ஓர் அலையும் சமமாகச் சேர்ந்தது. பிள்ளைகளில் ஒருவர் 10 பாகை பின்தங்கினால் சந்திக்கும் கோடு 5 பாகை நகர்ந்துவிடும். கண்ணாடிக்குள்ளும் இரண்டு சுழல்களில் ஒன்று பின்தங்கினால் போதும், அதில் பாதிக் கோணம் தளம் திரும்பிவிடும்.

பின்தங்க வைப்பது எலக்ட்ரான்கள். ஒளி வரும்போது கண்ணாடியின் எலக்ட்ரான்கள் அதன் சுழற்சிக்கு ஏற்பச் சுழல்கின்றன. காந்தப்புலம் ஒளியின் திசையிலேயே இருந்தால், ஒரு பக்கம் சுழலும் எலக்ட்ரானை அது வட்டத்தின் உள்ளே இழுக்கும்; மறுபக்கம் சுழலுவதை வெளியே தள்ளும். அதனால் எலக்ட்ரானின் இயல்பான அதிர்வெண் ஒரு சுழற்சிக்குச் சற்றுக் கூடும், மற்றதற்குச் சற்றுக் குறையும். ஒளிவிலகல் எண் அந்த அதிர்வெண்ணைப் பொறுத்தது. ஆகவே ஒரு சுழல், தான் கொஞ்சம் நீலமாக இருந்தால் எந்த வேகத்தில் போகுமோ அந்த வேகத்தில் போகிறது. மற்றது கொஞ்சம் சிவப்பாக இருந்தாற்போல் போகிறது. புலம் குறுக்கே இருந்தால் இந்த உள்-வெளி விசையே கிடையாது. ஃபாரடேயின் குறுக்கு முயற்சிகள் பலிக்காததற்குக் காரணம் அதுதான்.

ஈயக் கண்ணாடி ஏன் ஜெயித்தது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. நிறத்துக்கு நிறம் வேகம் அதிகம் மாறும் கண்ணாடியில்தான் இந்த வித்தியாசமும் அதிகம். முப்பட்டகத்தில் வானவில்லை அகல விரிக்கும் அதே குணம், காந்தத்தில் தளத்தையும் அதிகம் திருப்புகிறது.

இன்று கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 10 செ.மீ. நீளமுள்ள அடர் ஈயக் கண்ணாடித் தண்டு, அதைச் சுற்றிக் கம்பிச்சுருள், சிவப்பு லேசர் ஒன்று. சூத்திரம் எளிது:

θ = V × B × L

θ தளம் திரும்பும் கோணம், B காந்தப்புலம், L தண்டின் நீளம். V என்பது வெர்டே மாறிலி, ஒரு பொருள் தளத்தை எவ்வளவு திருப்பும் என்பதன் அளவு. இந்தவகைக் கண்ணாடிக்குச் சிவப்பு ஒளியில் டெஸ்லாவுக்கு, மீட்டருக்குச் சுமார் 23 ரேடியன். (தண்ணீருக்கும் உண்டு, ஏறத்தாழ 3.) சுருளின் புலம் 0.033 டெஸ்லா என்றால் 23 × 0.033 × 0.1 = 0.076 ரேடியன், அதாவது 4.35 பாகை. இந்தத் தண்டுக்குள் ஏறக்குறைய 3 லட்சம் அலைகள் அடங்கும். அவ்வளவு தூரம் ஓடியும் இரண்டு சுழல்களுக்கும் இடையே விழும் பின்னடைவு, ஒரே அலையில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் தளம் திரும்பியிருப்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அளக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஃபாரடே செய்ததுபோல முழு இருட்டில் வைத்தால், 4.35 பாகை திரும்பியும் வெளிவரும் ஒளி உச்ச அளவில் 0.6 சதவீதத்துக்கும் குறைவு. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது போதும். போட்டோடயோடு வைத்து அளப்பவர், நிக்கோல் பட்டகத்தின் இடத்தில் இன்று வைக்கும் போலராய்டு தகட்டை 45 பாகையில் நிறுத்த வேண்டும். அங்கே அதே திருப்பத்துக்கு ஒளி 15 சதவீதம் கூடும். சுருளில் மின்னோட்டத்தைத் திருப்பினால் 15 சதவீதம் குறையும்.

மின்னோட்டத்தைத் திருப்பிப் பார்ப்பதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. சுருள் சூடேறினால் கண்ணாடியும் சூடாகி, உள்ளே இறுக்கம் ஏற்பட்டு இரட்டை ஒளிவிலகல் உண்டாகும். அதனாலும் இருட்டு கலையும். ஆனால் மின்னோட்டத்தைத் திருப்பினாலும் அந்த மாற்றம் குறி மாறாது. தகட்டை எப்படித் திருப்பினாலும் முழு இருட்டும் வராது; எப்போதும் ஒரு மங்கலான ஒளி மிஞ்சும். உண்மையான காந்தத் திருப்பமாக இருந்தால் ஒற்றை நிற ஒளியில் இருட்டு முழுதாகத் திரும்பி வரும்.

சர்க்கரைக் கரைசலும் தளத்தைத் திருப்பும், காந்தமே வேண்டாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். கண்ணாடித் தண்டின் கடைசியில் ஒரு ஆடியை வைத்தால் வித்தியாசம் தெரியும். சர்க்கரையில் திருப்பத்தின் பக்கம் ஒளியின் பயணத்தைப் பொறுத்தது; திரும்பி வரும்போது போகும்போது திரும்பியது அவிழ்ந்துவிடும், கிளம்பிய தளத்துக்கே வந்து சேரும். ஈயக் கண்ணாடியில் தளம் திரும்புவது, சுருளில் மின்னோட்டம் சுற்றும் பக்கமாக. ஒளி முன்னே போனாலும் பின்னே வந்தாலும் சுருளின் மின்னோட்டம் மாறுவதில்லை. ஆகவே 4.35 பாகை 8.7 ஆகும். ஃபாரடே இதையும் விடவில்லை: கண்ணாடியின் முனைகளில் வெள்ளி பூசி, ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் ஓடவிட்டுத் திருப்பத்தைப் பெருக்கிக் காட்டினார்.

இந்த இரட்டிப்பு லேசர்க்காரர்களுக்கு ஒரு வாயிற்காவலன். ஒருமுறை கடப்பதற்கு 45 பாகை திரும்பும்படி அமைத்தால், வெளியே எங்கோ பட்டுத் திரும்பும் ஒளி இன்னொரு 45 பாகை திரும்பி, நுழைவாயில் தகட்டுக்குச் சரியாகக் குறுக்கே வந்து நிற்கும். லேசருக்குள் போக முடியாது. நமது தண்டால் அதைச் செய்ய 0.34 டெஸ்லா வேண்டும், கம்பிச்சுருளைவிடப் பத்து மடங்கு. அதனால் அங்கே நிரந்தரக் காந்தத்தையும், டெர்பியம் காலியம் கார்னெட் படிகத்தையும் வைக்கிறார்கள். சிவப்பு ஒளியில் அதன் வெர்டே மாறிலியின் அளவு சுமார் 134. 1 டெஸ்லா புலத்தில் 6 மில்லிமீட்டர் நீளமே போதும். அதில் தளம் மின்னோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும், ஏனெனில் டெர்பியம் அயனிகள் தாமே குட்டிக் காந்தங்கள்.