நேர்முனை மட்டும் ஏன் கரைந்தது?

மடிப்பாக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று, காரின் வயரிங்கில் வரும் ஒரு கப்ளர், அதாவது இரண்டு வயர்க் கட்டுகளைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு. அதற்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உலோக முனைகள். ஒன்று பாதி கரைந்து, பச்சைத் தூள் படிந்திருக்கிறது. மற்றது கொஞ்சம் கறுத்திருக்கிறதே தவிர முழுசாக இருக்கிறது. இரண்டாவது படம், கார் வாங்கும் முன் அவருக்குத் தெரிந்த மெக்கானிக் எழுதிக் கொடுத்த சோதனை அறிக்கை. 'வெள்ளப் பாதிப்பு இல்லை, ஃபால்ட் கோட் இல்லை' என்று அதில் இருக்கிறது.

அந்த மெக்கானிக் பல வருடமாக அவருடைய பைக்கைப் பார்ப்பவர், அண்ணே என்று கூப்பிடுகிற பழக்கம். அதனால் வேறு யாரிடமும் காட்டவில்லை. 2024 மார்ச்சில் வாங்கிய காரில் ஜூனில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, ஜூலையில் சென்ட்ரல் லாக் நின்றது. இப்போது மெக்கானிக், "இது சாதாரணத் துரு தம்பி, ஈரக்காத்துல வர்றதுதான்" என்கிறாராம். வாசகரின் கேள்வி இதுதான்: தண்ணீர் புகுந்திருந்தால் இரண்டு முனையும்தானே கெட்டிருக்க வேண்டும்? ஒன்று மட்டும் ஏன்?

அந்த ஒன்று மட்டும் கரைந்ததுதான் இங்கே தடயம். ஈரக்காற்றில் வரும் களிம்பு இரண்டு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி படியும். இது வேறு வேலை. பள்ளியில் தாமிர சல்பேட் கரைசலில் இரண்டு தாமிரத் தகடுகளை வைத்து பேட்டரியை இணைத்தது நினைவிருக்கும். நேர்முனைத் தகடு கரையும், எதிர்முனைத் தகடு கரையாது, அதன்மேல் தாமிரம் படியும். அதே மின்னாற்பகுப்புதான் இந்தக் கப்ளருக்குள் நடந்திருக்கிறது.

காரை அணைத்தாலும் சில வயர்களில் பேட்டரியின் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். சென்ட்ரல் லாக், உள்விளக்கு போன்றவை அந்த வகை. பக்கத்து முனை பாடியோடு இணைந்த எதிர்முனை. இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. சுத்தமான நீர் அதிகம் மின்சாரம் கடத்தாது. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைப் பக்கம் கார்களை இழுத்துக்கொண்டு போன தண்ணீரில் சாக்கடையும் உப்பும் கலந்திருந்தன. அதில் மூழ்கி எழுந்த கப்ளர் வெளியே காய்ந்த மாதிரி தெரியும். உள்ளே உப்புப் படலம் தங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஒவ்வொரு புழுக்கமான இரவிலும் அந்தப் படலம் மறுபடி நனைந்து, முனைகளுக்கு நடுவே மெல்லிய மின்பாதை போடும். நேர்முனையிலிருந்து தாமிர அணுக்கள் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரையும். அவை உப்போடும் காற்றோடும் சேர்ந்து பச்சைத் தூளாகும்.

எவ்வளவு கரையும்? ஃபாரடே விதியில் கணக்குப் போடலாம். கசியும் மின்சாரம் வெறும் 1 மில்லியாம்பியர் என்று வைப்போம். 30 நாளில் அது 2,592 கூலும். இது முழுவதும் தாமிரத்தைக் கரைக்கவே செலவானால் சுமார் 0.85 கிராம் போய்விடும். உண்மையில் ஒரு பகுதி நீரைப் பிரிப்பதில் வீணாகும், ஈரம் எல்லா நேரமும் இருப்பதுமில்லை. ஆனால் அந்தச் சிறிய முனையின் மொத்த எடையே ஒரு கிராமுக்குக் குறைவுதான். ஆகவே சில மாதங்கள் போதும். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கசிவு, பூட்டி நிறுத்திய காருக்குள் யாரும் தொடாமலே உலோகத்தைத் தின்கிறது.

கார் விற்கிற அன்று எல்லாமே ஏன் நன்றாக வேலை செய்தது என்பதற்கும் இதுவே பதில். சீட்டைக் கழற்றிக் கழுவி, கார்பெட்டை மாற்றி, வாசனைத் திரவியம் அடிக்க ஒரு வாரம் போதும். முனை கரைய மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில்தான் வியாபாரம் முடிகிறது.

ஏர்பேக் விளக்கு முதலில் எரிந்ததும் தற்செயல் அல்ல. ஏர்பேக்கை வெடிக்க வைக்கும் சிறு திரியின் மின்தடை சுமார் 2 ஓம். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் தடையைத் தொடர்ந்து அளந்துகொண்டே இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கப்ளரில் களிம்பு படிந்து சில ஓம் கூடினாலே எச்சரிக்கும். இதை மறைக்க, திரிக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. பெட்டி ஏமாந்துபோகும், விபத்தில் ஏர்பேக் விரியாது. சாவி போட்டதும் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் விளக்கையே பிடுங்கியிருக்கலாம்.

சரி, அறிக்கைக்கு வருவோம். காரின் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரின் திரையை மெக்கானிக் படமெடுத்து இணைத்திருக்கிறார். 'ஃபால்ட் கோட் இல்லை' என்பது உண்மை. ஆனால் அதே திரையின் கீழே `Distance since codes cleared` என்ற வரியில் 3 கிலோமீட்டர் என்று இருக்கிறது. பிழைகளை அழித்து 3 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரே சொல்கிறது. ஸ்கேனர் கேட்பதும் வரும் பதிலும் இப்படி:

```
01 31
41 31 00 03
```

கடைசி இரண்டு பைட்டுகள்தான் தூரம். பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இந்த எண் பூஜ்யமாகும் என்பதால், இதை மட்டும் வைத்து ஏமாற்று என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அன்றைய ஸ்கேனுக்கு மதிப்பில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி எடுத்திருக்க வேண்டும். ஏர்பேக் பிழைகள் தனிப் பெட்டியில் இருப்பதால், மலிவான ஸ்கேனர் அதைப் படிக்கவே படிக்காது.

மீட்டர் குறைத்திருப்பதையும் சில நேரம் இதே எண் காட்டிக்கொடுக்கும். டேஷ்போர்டில் தெரியும் கிலோமீட்டர், மீட்டருக்குப் பின்னால் உள்ள நினைவகச் சில்லில் இருக்கிறது. அதை மாற்றி எழுதுகிறவர் இன்ஜின் கம்ப்யூட்டரின் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மீட்டர் 41,000 காட்டும்போது இந்த எண் 58,000 என்றால், பிழைகளை அழித்த பிறகு ஓடியதே மொத்த ஓட்டத்தைவிட அதிகம் என்று ஆகிறது. அப்படி நடக்க வழியில்லை. வாசகரின் காரில் பிழைகளை அழித்தபோது அந்தச் சாட்சியும் சேர்ந்தே அழிந்துவிட்டது.

பழுது செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை டோட்டல் லாஸ் என்று முடித்து, வண்டியை ஏலத்துக்கு விடுகிறது. எந்த வண்டி அப்படிப் போனது என்பது அவர்களிடம் பதிவாக இருக்கிறது. அது ஆர்.சி.யிலேயே தெரிய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குகிறவர்கள் பதிவெண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறதா என்று பார்க்கிறார்கள். அந்த எண்ணால் காருக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஐந்து நிமிடத்தில் முன் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, அடியில் கப்ளரில் வண்டல் இருக்கிறதா, சீட்டின் போல்ட்டில் துரு இருக்கிறதா, கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் நுரை ஈரமா என்று கைவிட்டுப் பார்த்துவிடலாம்.

வாசகர் இன்னொன்றும் கேட்டிருந்தார்: அந்தக் கப்ளரை மட்டும் மாற்றினால் போதுமா? போதாது என்றுதான் நினைக்கிறேன். வயருக்குள் இருப்பது மெல்லிய தாமிர இழைகளின் கட்டு. இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய வழிகளில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் ஏறும். இடைவெளியின் ஆரம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்றால் கணக்குப்படி 30 சென்டிமீட்டர் வரை ஏறலாம். அவருடைய புது ஒர்க்‌ஷாப்பில் கப்ளரிலிருந்து ஒரு சாண் தள்ளி வயரின் மேலுறையைச் சீவிப் பார்க்கச் சொன்னேன். உள்ளே தாமிரம் கறுப்பாக இருந்ததாம்.