ஆஃபர் லெட்டரில் இருக்கும் முகவரிக்கு ரயில் ஏறுவதற்கு முன்

பொறியியல் கல்லூரி ஒன்றில் பிளேஸ்மென்ட் வேலை பார்க்கிறேன். கடைசி செமஸ்டர் முடிந்த கையோடு எனக்கு வரும் வாட்ஸப் செய்திகளில் ஒரு ரகம் உண்டு. "சார், பெங்களூருல ஆஃபர் வந்திருக்கு, திங்கட்கிழமை ஜாயின் பண்ணணும், கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்று ஒரு வரி, கூடவே ஒரு பி.டி.எஃப். அனுப்புகிறவர் சம்பளத்தைப் பார்த்திருப்பார். நான் முதலில் பார்ப்பது முகவரியை.

"மேப்ல போட்டுப் பாத்துட்டேன் சார், பில்டிங் இருக்கு" என்பார்கள். இருக்கத்தான் செய்யும். இல்லாத கட்டடத்தை எழுதினால் ரெண்டு நிமிஷத்தில் மாட்டிக்கொள்வோம் என்பது ஏமாற்றுகிறவனுக்கும் தெரியும், அதனால் ஊரே அறிந்த டெக் பார்க் ஒன்றின் முகவரியைத்தான் எடுத்துப் போடுவான். கட்டடம் இருக்கிறதா என்பது ஒரு கேள்வியே இல்லை. அந்தக் கம்பெனி அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறதா, உட்கார்ந்திருந்தால் உன் பெயர் அவர்களுக்குத் தெரியுமா, இந்த இரண்டுக்கும்தான் பதில் தேட வேண்டும்.

ஒரு மாணவர் அனுப்பிய லெட்டரை வைத்தே சொல்கிறேன். ஒயிட்ஃபீல்டில் ஒரு டெக் பார்க், ஐந்தாவது மாடி, பெங்களூரு, பின்கோடு 560100. அந்தப் பின்கோடு எலக்ட்ரானிக் சிட்டியுடையது, ஒயிட்ஃபீல்டுக்கு 560066. இரண்டும் ஊரின் வேறு வேறு மூலையில் இருக்கின்றன. தட்டச்சுப் பிழையாகக்கூட இருக்கலாம், ஆனால் தன் சொந்த ஆபீஸின் பின்கோடு தெரியாத ஹெச்.ஆரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்து லெட்டரின் அடியில் கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என் இருக்கிறதா என்று பார்த்தேன். 2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி கம்பெனியின் கடிதத்தாளில் பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த எண் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். மொத்தம் 21 எழுத்து. U72200KA2016PTC என்று ஆரம்பித்தால் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனி, மென்பொருள் தொழில், கர்நாடகா, 2016இல் பதிவு, பிரைவேட் லிமிடெட் என்று அர்த்தம். கடைசி ஆறு இலக்கம் பதிவு எண். 25 வருட அனுபவம் என்று தலைப்பில் பெருமையாகப் போட்டுவிட்டு எண்ணில் போன வருடம் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டியதுதான்.

மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்துடைய mca.gov.in தளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டா என்ற பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனியின் பெயர், நிலை, பதிவு முகவரி, ஈமெயில் எல்லாம் வரும். எங்கள் மாணவரின் லெட்டரில் இருந்த எண் அசல்தான், கம்பெனியும் உயிரோடுதான் இருந்தது. பதிவு முகவரி மட்டும் ஜெயநகரில் இருந்தது. இதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம்: பதிவு அலுவலகம் ஆடிட்டரின் முகவரியிலோ முதலாளியின் வீட்டிலோ இருக்கும், வேலை நடக்கிற இடம் வேறாக இருக்கும், அது சகஜம். நான் நின்றது ஈமெயிலில். அரசுப் பதிவில் ஒரு டொமைன், லெட்டர் வந்ததோ கம்பெனி பெயர், ஒரு சின்னக் கோடு, அப்புறம் careers என்று முடிகிற இன்னொரு டொமைனிலிருந்து. lookup.icann.org தளத்தில் போட்டுப் பார்த்தால் அந்த டொமைன் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நிஜக் கம்பெனியின் பெயரையும் எண்ணையும் யாரோ எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பது கிட்டத்தட்ட அங்கேயே தெரிந்துவிட்டது.

ஜி.எஸ்.டி தளத்திலும் ஒரு தடவை தேடலாம். மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு என்பதால் பெங்களூரில் ஆபீஸ் வைத்து வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு 29இல் தொடங்கும் எண் இருக்கும் (தமிழ்நாட்டுக்கு 33), அதில் தொழில் நடக்கும் முதன்மை இடத்தின் முகவரியும் தெரியும். ரொம்பச் சின்னக் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி இல்லாமலும் இருக்கலாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இவ்வளவும் உட்கார்ந்த இடத்திலேயே அரை மணி நேரத்தில் முடிகிற வேலை. இதற்கு மேல் போன் போட வேண்டும், அதுவும் லெட்டரில் இருக்கும் நம்பருக்கு அல்ல. அதை எடுப்பவன் லெட்டர் அனுப்பியவன்தானே. டெக் பார்க்கின் சொந்தத் தளத்தில் இருக்கும் நம்பரைப் பிடித்து, இந்த மாடியில் இந்தக் கம்பெனி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நாங்கள் கேட்டதற்கு, ஐந்தாவது மாடி முழுக்க வேறு கம்பெனி, அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று பதில் வந்தது. சில இடங்களில் சொல்ல மாட்டார்கள். அப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் சீனியர் யாரையாவது வார நாளில், ஆபீஸ் நேரத்தில் அனுப்பி கீழ்த்தளத்தில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு "பூட்டியிருக்கு சார்" என்றால் அதில் ஒன்றும் தெரியாது.

முகவரி கோ-ஒர்க்கிங் இடமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம். அங்கே மேஜை நாற்காலி எதுவும் இல்லாமல் முகவரியை மட்டும் மாத வாடகைக்கு எடுக்கலாம், வருகிற தபாலை அவர்கள் வாங்கி வைப்பார்கள், அவ்வளவுதான். சட்டப்படி அதில் தப்பு இல்லை. ஆனால் நாற்பது பேரை ஒரே நாளில் அங்கே ஜாயின் பண்ணச் சொன்னால் எங்கே உட்காருவார்கள்? ரிசப்ஷனில் "இந்தக் கம்பெனி ஆட்கள் தினமும் இங்க வர்றாங்களா, தபால் மட்டும்தான் வருதா" என்று கேட்டால் போதும். இன்னொன்று, மீட்டிங் ரூம் மணிக்கணக்கிலும் வாடகைக்குக் கிடைக்கும், அதனால் பளபளப்பான அறையில் வைத்து இன்டர்வியூ நடந்தது என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு எப்போதும் கைகொடுப்பது வேறு ஒரு கேள்வி. டெக் பார்க்குக்குள் யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது; உள்ளே இருக்கும் ஒருவர் உங்கள் பெயரைப் பதிந்து விசிட்டர் பாஸ் போட வேண்டும். அதனால் லெட்டர் அனுப்பியவருக்கு ஒரு மெயில் போடச் சொல்வேன்: எந்த கேட்டில் வர வேண்டும், பாஸ் யார் பெயரில் இருக்கும், செக்யூரிட்டியிடம் யாரைக் கேட்க வேண்டும். தினமும் அங்கே வேலைக்குப் போகிற ஹெச்.ஆருக்கு இது யோசிக்காமல் வருகிற பதில். எங்கள் மாணவருக்கு வந்த பதில், "மெஜஸ்டிக் வந்ததும் கால் பண்ணுங்க, பிக்கப் அனுப்பறோம், லேப்டாப் டெபாசிட் மட்டும் இன்னைக்கே கட்டிடுங்க." அந்தப் பையன் அப்போதும் "ஒருவேளை பார்க்கிங் பிரச்சனையா இருக்கும் சார்" என்றான், பாவம். ஜாயினிங் இடத்தை முந்தின நாள் ராத்திரி ஏதாவது ஹோட்டலுக்கோ ஃபிளாட்டுக்கோ மாற்றுவதும் இதே கதைதான்.

நிஜக் கம்பெனிக்கு, அரசுப் பதிவில் இருந்த ஈமெயிலிலேயே, லெட்டரை இணைத்து ஒரு வரி கேட்டோம். இப்படி யாரையும் நாங்கள் எடுக்கவில்லை என்று மறுநாளே எழுதினார்கள். டிக்கெட்டை கேன்சல் செய்தோம், டெபாசிட் கட்டவில்லை. ஏற்கனவே பணம் கட்டியவர்கள் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அந்தக் கணக்கிலேயே முடங்க வாய்ப்பு. பி.டி.எஃப், வந்த மெயில், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள், கோபத்தில் அவன் நம்பரை பிளாக் பண்ணி சாட்டை டெலீட் செய்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.