ஒலி பொருந்திவிட்டது, படம் பொருந்தியதா?

பல கேமராக்களில் பதிவான நிகழ்ச்சியை எடிட் செய்ய உட்காரும்போது முதல் வேலை, எல்லாக் கோணங்களையும் சிங்க் செய்வது. கேமராக்களின் ஒலியை ஒப்பிட்டு இதைத் தானாகவே செய்துகொடுக்கும் வசதி இன்று பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சிறிது நேரத்தில் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். பலர் அத்துடன் திருப்தியடைந்து வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். "பார்க்க ஏதோ உறுத்துகிறது, என்னவென்றுதான் தெரியவில்லை" என்று என்னிடம் வரும் பதிவுகளில் நான் முதலில் தோண்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். மென்பொருள் ஒலியை ஒலியோடு பொருத்தியிருக்கிறது. படத்தை அது பார்க்கவே இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 90 நிமிட இசை நிகழ்ச்சி, நொடிக்கு 25 ஃபிரேம், மூன்று கேமராக்கள். முதலாவது மேடைக்கு அருகில் பாடகரைப் பார்க்கிறது. இரண்டாவது அரங்கின் பின்கோடியில், ஒலிபெருக்கிகளிலிருந்து 28 மீட்டர் தள்ளி, முழு மேடையையும் பிடிக்கிறது. மூன்றாவது ஆளில்லாமல் ஸ்டாண்டில் நின்று டிரம்ஸ் வாசிப்பவரை மட்டும் காட்டுகிறது. இறுதி ஒலி, மிக்ஸரிலிருந்து தனியாகப் பதிவானது.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 28 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 80 மில்லிநொடி பிடிக்கும். ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. ஆக, பின்கேமராவின் மைக்கில் எல்லா ஒலியும் இரண்டு ஃபிரேம் தாமதமாகவே விழுகிறது. ஒளிக்கு அந்தத் தாமதம் கிடையாது. மென்பொருள் அந்தத் தாமதமான ஒலியை மிக்ஸர் ஒலியோடு பொருத்துவதற்காக முழுக் கிளிப்பையும் இரண்டு ஃபிரேம் முன்னால் இழுத்துவிடுகிறது. படமும் கூடவே போய்விடுகிறது. குச்சி டிரம்மில் பட்ட பிறகு இரண்டு ஃபிரேம் கழித்துத்தான் சத்தம் வரும்.

வைட் ஷாட்டை மட்டும் ஓட்டிப் பார்த்தால் இது கண்ணில் படாது. ஒலி படத்துக்குப் பின்னால் வருவதை மனிதர்கள் தாராளமாகவே பொறுத்துக்கொள்கிறார்கள். ஒலி 45 மில்லிநொடி முந்தினால் கவனிக்கத் தொடங்கும் பார்வையாளர், பிந்தும்போது 125 மில்லிநொடி வரை கவனிப்பதில்லை என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. குளோசப்பும் தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும். கோளாறு வெளியே வருவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டும் இடத்தில். வைட் ஷாட்டிலிருந்து டிரம்ஸுக்குப் போனால் கடந்துபோன இரண்டு ஃபிரேம்கள் மறுபடி வரும். ஒரே அடி இரண்டு முறை விழுவதுபோல் இருக்கும். திரும்பி வைட் ஷாட்டுக்கு வந்தால் இரண்டு ஃபிரேம்கள் காணாமல் போகும். உயர்ந்த கை அடிக்காமலே இறங்கியிருக்கும். ஒலி ஒரே கோடாக ஓடுவதால் காது இதைக் காட்டிக்கொடுக்காது.

சரிசெய்வது எளிது. டிரம்மில் ஓங்கி விழும் ஓர் அடியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு கோணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். குச்சி தோலைத் தொடும் ஃபிரேம் இரண்டிலும் ஒன்றாக வரும்வரை பின்கேமராவை வலப்புறம் தள்ளுங்கள். சொற்பொழிவானால் டிரம்ஸுக்குப் பதிலாக உதடுகள் இருக்கின்றன: ப, ம ஆகிய எழுத்துகளில் உதடு மூடுவதைத் தெளிவாகப் பார்க்கலாம். கேமராக்கள் ஒரே துடிப்பில் பூட்டப்படாதவரை அரை ஃபிரேம் வித்தியாசம் மிஞ்சத்தான் செய்யும். அதை விட்டுவிடலாம்.

எச்சரிக்கை ஒன்று. பின்கேமராவுக்கு மிக்ஸரிலிருந்து நேரடியாக வயர் போயிருந்தால் இந்தத் தாமதமே இல்லை. அப்போது தள்ளினால் இல்லாத கோளாறை நாமே உண்டாக்குவோம். அரங்கின் நடுவில் கூடுதல் ஒலிபெருக்கி இருந்தாலும் கணக்கு மாறும். தூரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் ஃபிரேமைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி நிகழ்ச்சியின் கடைசிக்கு வாருங்கள். தொடக்கத்தில் கச்சிதமாக நின்ற மூன்றாவது கேமரா, கடைசிப் பாடலில் நான்கு ஃபிரேம் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதற்கென்று ஒரு கடிகாரம் இருக்கிறது. இரண்டு கடிகாரங்கள் துல்லியமாக ஒன்றுபோல் ஓடுவதில்லை. 5400 நொடியில் 160 மில்லிநொடி என்பது ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம் என்றால், சதவீதத்தில் அது 0.003, பல மென்பொருள்களின் வேகப் பெட்டி இரண்டு தசம இடங்களோடு நின்றுவிடும். நான் செய்வது வேறு. ஏறத்தாழ 22 நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் விலகுகிறது என்பதால், பாடல்களுக்கு நடுவில் அந்தக் கேமரா திரையில் இல்லாத நேரத்தில் கிளிப்பை வெட்டி ஒரு ஃபிரேம் நகர்த்திவிடுவேன். பல கோணங்கள் இருப்பதன் பெரிய வசதியே இதுதான். மிக்ஸர் ஒலியை மட்டும் எதற்காகவும் தொடுவதில்லை.

விலகல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். சீராகக் கூடிக்கொண்டே போனால் கடிகாரம். ஓர் இடத்தில் திடீரென்று தாவினால், கேமரா கோப்பைத் துண்டு போட்ட இடத்தில் சில ஃபிரேம்கள் தொலைந்திருக்கின்றன. சில கேமராக்கள் 4 ஜிபிக்கு ஒரு முறை புதிய கோப்பைத் தொடங்கும். வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல் கார்டின் எல்லாக் கோப்புறைகளையும் அப்படியே நகலெடுத்தால், துண்டுகளை மென்பொருள் சரியாக ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னுமாக அலைந்தால் அது பெரும்பாலும் கைபேசிப் பதிவு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பப் ஃபிரேம் வேகம் மாறியிருக்கும். அதை டைம்லைனில் போடுவதற்கு முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிட வேண்டும்:

```
ffmpeg -i in.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 16 -c:a pcm_s16le out.mov
```

எல்லாம் நேரான பிறகுதான் எங்கே வெட்டுவது என்ற பேச்சு. நிகழ்ச்சியை ஓடவிட்டு, எண் விசைகளை அழுத்தி நேரலைபோலக் கோணம் மாற்றுவது வேகமான முறை. நானும் அப்படித்தான் முதல் சுற்றை முடிப்பேன். ஆனால் கேட்டபின் விரல் அழுத்துவதற்குள் கால் நொடி அளவுக்குப் போய்விடுகிறது. எனவே எல்லா வெட்டுகளுமே ஐந்தாறு ஃபிரேம் தாமதமாக இருக்கும்: டிரம்ஸ் தொடங்கிய பிறகு டிரம்ஸ்காரர் தெரிவார். இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு வெட்டையும் முன்னால் இழுக்கிறேன், அடி விழும் இடத்துக்கு அல்ல, அதற்கும் முன்பு கை உயரத் தொடங்கும் இடத்துக்கு. சத்தம் வருவதற்குள் பார்வையாளரின் கண் கையைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குப் பத்து ஃபிரேம் போல முன்கூட்டியே போய்ச் சேர்வது நல்லது.

ஒவ்வொரு தாளத்துக்கும் வெட்டுவது எனக்குப் பிடிக்காது. பாடகர் ஒரு நீண்ட வரியைப் பாடிக்கொண்டிருந்தால் அவர் மூச்செடுக்கும்வரை அங்கேயே இருங்கள். எந்தக் கோணமும் சரியில்லாத நேரத்தில், ஒரு கேமரா ஆடும்போது, இன்னொன்று ஃபோகஸ் தேடும்போது, வைட் ஷாட் காப்பாற்றும். சொற்பொழிவில் விதி இன்னும் எளிது: பேச்சாளர் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் மாறுங்கள், ஸ்லைடைக் காட்டினால் நிதானமாக ஒரு முறை வாசித்து முடிக்கும்வரை விடுங்கள்.

கடைசிச் சரிபார்ப்பை வயர் உள்ள ஹெட்ஃபோனில் செய்யுங்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன்கள் பலவும் ஒலியை 100 மில்லிநொடிக்கு மேல் தாமதப்படுத்துகின்றன. எல்லா மென்பொருளும் அதை ஈடுகட்டுவதில்லை. அந்தத் தாமதத்தை நம்பிச் சரியாக நின்ற கிளிப்பை நகர்த்திவிட்டால், மறுபடி குச்சியும் தோலும் சேரும் ஃபிரேமைத் தேட வேண்டியதுதான்.