சாட்டர்டன் யார், மார்ட்டின் யார்: தலைமறைவுப் பெயர்களைச் சரிபார்ப்பது எப்படி?

புரட்சியாளர்களின் வாழ்க்கை வரலாறுகள் அச்சுக்குப் போகுமுன் அவற்றிலுள்ள தகவல்களைச் சரிபார்ப்பது என் தொழில். அத்தகைய கையெழுத்துப் பிரதிகளில், "இன்னார், இன்ன பெயரில் தலைமறைவாக இருந்தார்" என்ற ஒற்றை வரியைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். நூலுக்கு நூல் நகலெடுக்கப்பட்டுவரும் அந்த வரியை முதலில் சொன்னவர் யார், எதைக் கண்டு சொன்னார் என்று எழுதியவரே யோசித்திருப்பதில்லை.

முதல் உலகப் போரின்போது ஜெர்மன் ஆயுதங்களை வங்காளத்துக்குக் கொண்டுவர நடந்த முயற்சியை எடுத்துக்கொள்வோம். 1918-ல் வெளியான ரௌலட் குழு அறிக்கை இதைக் காவல்துறை ஆவணங்களின் அடிப்படையில் விவரிக்கிறது. நரேந்திரநாத் பட்டாச்சார்யா 1915 ஏப்ரலில் 'சி. மார்ட்டின்' என்ற பெயரில் படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார். அங்கே ஜெர்மன் தூதர் அவரை ஹெல்ஃபெரிக் என்பவருக்கு அறிமுகப்படுத்தினார். கல்கத்தாவில் ஹரிகுமார் சக்கரவர்த்தி நடத்திய 'ஹாரி அண்ட் சன்ஸ்' என்ற பெயரளவிலான நிறுவனத்துக்கு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை படேவியாவிலிருந்து 43,000 ரூபாய் அனுப்பப்பட்டது. அரசு விழித்துக்கொள்வதற்குள் 33,000 ரூபாய் புரட்சியாளர்களின் கைக்குப் போய்விட்டது. ஆகஸ்டில் மார்ட்டின் மீண்டும் கடல் கடந்தார். செப்டம்பரில் ஒடிசாவின் பாலாசோர் அருகே காவல்துறையுடன் நடந்த மோதலில், இந்தப் புரட்சிக் குழுவின் தலைவர் ஜதின் முகர்ஜி படுகாயமுற்று இறந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த கோவாவிலிருந்து படேவியாவிலுள்ள மார்ட்டினுக்கு ஒரு தந்தி போனது. எப்படி இருக்கிறீர்கள், தகவலே இல்லை, மிகுந்த கவலையாக உள்ளது என்ற பொருளில் அமைந்த அந்தத் தந்தியின் கீழே 'பி. சாட்டர்டன்' என்ற பெயர் இருந்தது. அதைத் தொடர்ந்து கோவாவில் விசாரித்தபோது இரண்டு வங்காளிகள் பிடிபட்டனர். அவர்களில் ஒருவர் போலாநாத் சாட்டர்ஜி. அடுத்த மாதமே அவர் புனே சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

சாட்டர்டன்தான் சாட்டர்ஜி என்று ஒரே மூச்சில் எழுதிவிடத் தோன்றும். முதலெழுத்தும் பொருந்துகிறது, குடும்பப் பெயரின் முன்பாதியும் பொருந்துகிறது. ஆனால் ஒலி ஒற்றுமை எங்கே தேடலாம் என்று காட்டுமே தவிர, அதுவே சான்றாகிவிடாது. இதே வழக்கில் பணீந்திர சக்கரவர்த்தி 'பெய்ன்' என்ற பெயரில் நடமாடினார்; அந்த இரண்டு பெயர்களுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. மார்ட்டினுக்கும் பட்டாச்சார்யாவுக்கும் அப்படியே. ஒலியை மட்டும் நம்பித் தேடுபவர் சாட்டர்டனைப் பிடித்துவிடுவார், பெய்னையும் மார்ட்டினையும் கோட்டைவிடுவார்.

சாட்டர்டன் விஷயத்தில் உண்மையில் எடை கொண்டவை மூன்று: தந்தி புறப்பட்ட ஊர், புறப்பட்ட நாள், பெறுநரின் பெயர். 'மார்ட்டின்' என்ற பெயரும் படேவியா என்ற ஊரும் அந்தச் சிறு வட்டத்துக்கு வெளியே பலருக்குத் தெரிந்திருக்க முடியாது. அந்த வட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த நாட்களில் கோவாவில் இருந்தார் என்பது தனியாகத் தெரியவரும்போதுதான் இணைப்பு உறுதிப்படுகிறது. அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பிடிபட்டவர்கள் இருவர், தந்தி கொடுத்தது மற்றவராக ஏன் இருக்கக்கூடாது? இங்கேதான் 'பி' என்ற முதலெழுத்து பயன்படுகிறது: ஊரும் நாளும் இருவர்வரை கொண்டுவந்து நிறுத்திய பிறகு, பெயர் அவர்களில் ஒருவரைச் சுட்டுகிறது. அனுப்புநர் தம் கையால் நிரப்பிய படிவம் கிடைத்தால் கையெழுத்தையும் ஒப்பிடலாம். ஆனால் பெறுநருக்குப் போய்ச் சேர்ந்த படியைக் கொண்டு அதைச் செய்ய இயலாது. அது தந்தி ஊழியரின் எழுத்து, பெயரின் எழுத்துகள் வழியில் சிதைவதும் உண்டு.

இந்தத் தந்தியை வைத்துச் செய்யக்கூடிய இன்னொரு தவறு, டிசம்பர் 27 அன்று மார்ட்டின் படேவியாவில் இருந்தார் என்று காலவரிசையில் குறித்துவிடுவது. அவர் அங்கே இருப்பதாகத் தந்தி அடித்தவர் நம்பினார் என்பதற்கு மேல் அந்த ஆவணம் எதையும் சொல்லவில்லை. தகவல் இல்லை என்று அவர் கவலைப்படுவதே நம்மை எச்சரிக்க வேண்டும். முகவரியிலுள்ள பெயரை ஆளின் இருப்பாக எடுத்துக்கொண்டால், ஒரே மனிதர் ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் இருந்தாக வேண்டிய நிலை வந்துவிடும். அதைச் சமாளிக்க, 'மார்ட்டின்' என்ற பெயரில் இருவர் இயங்கினர் என்று ஒரு கற்பனை முளைக்கும்.

அடுத்த கண்ணி நீளமானது. 1916 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபாதர் மார்ட்டின்' என்ற பாதிரியாராக வந்திறங்கியவரும் படேவியாவின் மார்ட்டினும் ஒருவர்தானா? மார்ட்டின் என்பது எங்கும் புழங்கும் பெயர். அதை மட்டும் நம்பி இருவரையும் ஒன்றாக்க முடியாது. இங்கே பாலமாக அமைவது பட்டாச்சார்யாவே எழுதிய நினைவுக்குறிப்புகள். தம் வருகை பற்றிச் செய்தித்தாளில் வந்ததைக் கண்டு பாலோ ஆல்டோவுக்கு நகர்ந்ததையும், அங்கே தன கோபால் முகர்ஜியின் யோசனைப்படி பெயரை மாற்றிக்கொண்டதையும் அவர் சொல்கிறார். அந்தப் புதிய பெயர்தான் மானவேந்திரநாத் ராய். பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் தலைவராக நாம் அறிந்த எம். என். ராய் அப்படித்தான் உருவானார்.

ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வது வலுவான சான்று என்று வாசகர் நினைக்கலாம். நான் அதை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். ராய் அந்தக் குறிப்புகளை எழுதியது தம் இறுதிக் காலத்தில்; அவர் 1954-ல் மறைந்தார், நூல் 1964-ல் வெளிவந்தது. ரௌலட் அறிக்கையோ 1918 முதலே எல்லோருக்கும் கிடைத்துவந்தது. எனவே இரண்டும் ஒன்றையே சொன்னால், இரண்டு சாட்சிகள் என்று எண்ணிவிடாமல், பின்னது முன்னதைப் படித்துவிட்டு எழுதப்பட்டதா என்று பார்க்க வேண்டும். நினைவுக்குறிப்பு அறிக்கையில் இல்லாத விவரங்களைத் தருகிறதா, அந்த விவரங்களைக் கப்பல் பயணிகள் பட்டியல், அன்றைய செய்தித்தாள் போன்ற மூன்றாவது ஆவணம் ஒன்று தாங்கிப்பிடிக்கிறதா என்று சோதிக்கிறோம். விந்தையாகத் தோன்றலாம், இரு மூலங்களும் சில்லறை விஷயங்களில் முரண்பட்டு, முக்கியமான இடத்தில் ஒத்துப்போனால்தான் எனக்கு நம்பிக்கை கூடுகிறது. வரிக்கு வரி ஒத்துப்போவது பெரும்பாலும் நகலின் அடையாளம்.

1931 ஜூலையில் பம்பாயில் ராய் 'டாக்டர் மஹ்மூத்' என்ற பெயரில் இருந்தபோது கைதானார். இங்கே வேலை எளிது. ஆள் நேரில் பிடிபட்டார். 1924-ஆம் ஆண்டுக் கான்பூர் சதி வழக்கின் குற்றச்சாட்டிலேயே விசாரிக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றார். நீதிமன்றம் அடையாளத்தைத் தீர்மானித்தாக வேண்டியிருந்ததால், அந்தப் பெயருக்கும் ஆளுக்குமான தொடர்பு சந்தேகத்துக்கு இடமின்றிப் பதிவாகியிருக்கிறது.

ஒரே மனிதரின் பெயர்கள் எல்லாமே ஒரே உறுதியுடன் நிற்பதில்லை என்பதால், நூலின் பெயரடைவில் நான் ஒரு வழக்கத்தை வலியுறுத்துகிறேன். "ராய் என்ற மார்ட்டின் என்ற மஹ்மூத்" என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்காமல், ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பதிவு இட்டு, அந்தப் பெயர் புழங்கிய ஊரையும் காலத்தையும், அடையாளத்தை முதலில் சொன்ன ஆவணத்தையும் அதன் கீழேயே குறிக்கச் சொல்கிறேன். நூலின் உடற்பகுதியிலும் 1915 நிகழ்வுகளில் அவரை நரேந்திரநாத் என்றே எழுத வேண்டும். அந்த ஆண்டில் எம். என். ராய் என்று ஒருவர் இல்லை.