ஒரு சுழி குறைந்த பெயர்

கிராம உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றும், தேருநர் இடாப்புப் பிரச்சினைகள் இன்னும் என் வீட்டுத் திண்ணைக்கு வருகின்றன. போன முறை வந்தவர் உப்புவெளியைச் சேர்ந்த ஓர் அக்கா. பெயர் யோகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். மகன் elections.gov.lk தளத்தில் தேடிப் பார்த்தபோது, இடாப்பில் 'யோகெஸ்வரி' என்று இருந்ததாம். கொம்பில் ஒரு சுழி குறைவு.

"ஐயா, ஒன்லைனில போட்டுத் திருத்தலாம் எண்டு மகன் சொல்லுறான். என்னென்ன போடோணும்?"

நான் முதலில் கேட்டது அடையாள அட்டையைத்தான். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். இடாப்பில் பிழை தெரிந்தவுடன் விண்ணப்பத்தைத் திறந்துவிடுகிறார்கள். பிழை எங்கே பிறந்தது என்று பார்ப்பதில்லை. அடையாள அட்டையில் சரியாக இருந்து இடாப்பில் மட்டும் பிழை என்றால், அது எழுதும்போதோ தட்டச்சுச் செய்யும்போதோ நேர்ந்த பிழை, திருத்துவது சுலபம். அட்டையிலேயே பிழை என்றால் கதை வேறு. பிறப்புச் சான்றிதழைக் காட்டி இடாப்பை மட்டும் திருத்தினால், அதுவரை ஒத்திருந்த இரண்டும், அதாவது வாக்குச் சாவடியில் நீட்டுகிற அட்டையும் அங்கே உள்ள இடாப்பும், அதற்குப் பிறகு ஒத்துப்போகாது. அந்த நிலையில் முதலில் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து அட்டையைத் திருத்த வேண்டும். இடாப்பு அதற்குப் பிறகுதான்.

அக்காவின் அட்டை பழையது. கையால் எழுதி லெமினேட் செய்தது. வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தேன். கொம்பின் மேற்சுழி மங்கலாக இருந்தது, ஆனால் இருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் 'கே' தான். ஆக, அட்டை சரி. அதைப் பார்த்து எழுதியவர் கண்ணுக்குச் சுழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

மகன் அதற்குள் ஒரு தடவை விண்ணப்பத்தை அனுப்பி, அது கேள்வியோடு திரும்பியும் வந்திருந்தது. போனில் காட்டினான். அட்டையை ஃபிளாஷ் போட்டு எடுத்திருந்தான். லெமினேஷன் பளபளத்து, பார்க்க வேண்டிய அந்த ஒரு எழுத்தின் மேலேயே வெள்ளைத் திட்டு. அதோடு, கூடுதல் பலம் என்று நினைத்து விவாகச் சான்றிதழையும் சேர்த்திருந்தான். அதில் அக்காவுடைய அப்பாவின் பெயர் 'ராசையா'. பிறப்புச் சான்றிதழில் 'இராசையா'. தீர்க்கப் போன பிழை ஒன்று, கிளப்பிவிட்ட கேள்வி இரண்டு!

சான்றுகள் குவிந்தால் நல்லது என்று நாங்கள் நினைப்போம். சரிபார்க்கிறவருக்கு ஒவ்வொரு தாளும் ஒப்பிட வேண்டிய இன்னொரு தாள். பெயரின் எழுத்துப் பிழைக்கு அடையாள அட்டையின் இரு பக்கமும், அதில் எழுத்து தெளிவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழும் போதும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறியவர்களுக்குத்தான் விவாகச் சான்றிதழ் வேலை செய்யும்.

சரி, மறுபடி செய்தோம். அட்டையை ஜன்னல் ஓரம் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து எடுத்தான். பிறப்புச் சான்றிதழை மடிப்பு நீக்கி முழுத் தாளாக ஸ்கேன் செய்தான். பெயரைத் தட்டச்சுச் செய்யும் இடத்தில் நான் பக்கத்தில் இருந்தேன். போன் கீபோர்டில் 'யோகெ' என்று விழுந்தால் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. பிழையைத் திருத்தும் விண்ணப்பத்திலேயே அதே பிழை போய்விடும். பெரிதாக்கி எழுத்து எழுத்தாக வாசித்தோம். 'எது பிழை, எப்படி இருக்க வேண்டும்' என்று ஒரே வரியில் எழுதச் சொன்னேன்: "யோகெஸ்வரி என்பது யோகேஸ்வரி எனத் திருத்தப்பட வேண்டும்." அடையாள அட்டை இலக்கத்தையும் இடாப்போடு ஒப்பிட்டோம். பெயரில் ஒரு சுழி போனாலும் சாவடியில் சமாளித்துவிடலாம். இலக்கத்தில் ஒரு எண் மாறியிருந்தால் இரண்டையும் சேர்த்தே திருத்தக் கேட்க வேண்டும்.

இணையத்தில் அனுப்பினாலும் பகுதி கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. வீட்டையும் ஆளையும் தெரிந்தவர் அவர்தான். அனுப்பியதும் திரையில் வரும் பதிவை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

அக்கா கேட்டார்: "அப்ப அடுத்த எலெக்ஷனுக்குச் சரியாயிடுமோ?" அது எந்த இடாப்பை எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இப்போது ஆண்டுதோறும் பெப்ரவரி 1ஆம் திகதியை அடிப்படையாக வைத்து இடாப்பு மீளாய்வு நடக்கிறது. தேர்தலுக்குப் பயன்படுவது அத்தாட்சிப்படுத்தி முடிந்த இடாப்பு. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தல் 2024 இடாப்பில்தான் நடந்தது. அப்படியொரு தேர்தல் அறிவித்த பிறகு அனுப்பும் திருத்தம் அந்தத் தேர்தலைத் தொடாது. மீளாய்வுக் காலத்தில், அல்லது வரைவுப் பட்டியலைக் காட்சிப்படுத்திக் கோரிக்கை கேட்கும்போது அனுப்பினால்தான் அடுத்த இடாப்பில் ஏறும்.

அக்காவின் விண்ணப்பம் இரண்டாம் முறை திரும்பி வரவில்லை. அடுத்த இடாப்பு வெளியானதும் மகன் தேடி, திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினான். 'கே' மேல் விரலால் ஒரு வட்டம் போட்டிருந்தான்.