பக்கத்துக் கடை ஆறு ரூபாய் என்றால் நீங்களும் ஆறா?

போன கிழமையும் ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கம் கடை, ரீகண்டிஷன் போட்டோ கொப்பி மெஷின் வாங்கி எட்டு மாதம். "அண்ணை, இதை விற்றுத் தரமுடியுமா?" இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. கணக்கில்தான் பழுது.

கொப்பி ஆறு ரூபாய், தாள் மூன்றரை, ஆகவே இரண்டரை லாபம் என்று நினைத்திருக்கிறார். எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்! ரோனர் பெட்டியில் 20,000 பக்கம் என்று போட்டிருப்பது, தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் மை படும் என்று வைத்துப் போட்ட கணக்கு. நம்மிடம் வருவதோ கறுத்த படத்தோடு அடையாள அட்டையும், நான்காம் தடவை கொப்பி எடுத்த கடந்தகால வினாத்தாளும். தம்பியின் 9,000 ரூபாய் ரோனர் 11,000 பக்கத்தில் முடிந்துவிட்டது. அதுவே பக்கத்துக்கு 82 சதம். டிரம், டெவலப்பர், சூடாக்கும் பகுதி எல்லாம் மாற்ற லட்சம் பக்கத்துக்கு 60,000 என்று வைத்தால் இன்னும் 60 சதம். பழுதாகும் தாளையும் சேர்த்தால் அடக்கம் ஐந்து ரூபாய். மாரியில் பிரித்து வைத்த றீம் ஈரம் இழுத்துச் சிக்கும், அதனால் வேண்டியபோது மட்டும் பிரியுங்கள்.

மிஞ்சுவது ஒரு ரூபாய். கடை வாடகையும் கரண்டும் 22,000. அதைக் கட்டவே மாதம் 22,000 கொப்பி வேண்டும். அவர் எடுத்தது 9,000. எட்டு ரூபாய் வாங்கியிருந்தால் இதே 9,000 கொப்பியில் 27,000 கிடைத்திருக்கும்.

கொப்பி ஆளைக் கடைக்குள் கூட்டிவரும், அவ்வளவுதான். சோறு போடுவது படிவம் நிரப்பும் வேலை. பாஸ்போர்ட், பொலிஸ் நற்சான்றிதழ், வாகன வரி அனுமதிப்பத்திரம், பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக விண்ணப்பம். ஒன்றுக்கு 300 வாங்கி, நாளுக்கு ஐந்து என்றால் 25 நாளில் 37,500. அதற்கு மெஷின் தேவையில்லை, கவனம் தேவை.

பிறந்த திகதியை வாயால் கேட்டு அடிக்காதீர்கள். அட்டையைப் பாருங்கள். 1985 ஜூலை 12இல் பிறந்த அக்காவின் பழைய எண் 85694 என்று தொடங்கும். 694இல் பெண்ணுக்கான 500ஐக் கழித்தால் 194. அது அந்த வருடத்தின் 194ஆம் நாள், ஆனால் அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். நாட்காட்டியை வைத்து எண்ணினால் 193 வரும், உடனே அட்டை பிழை என்று சண்டைக்குப் போகாதீர்கள். லீப் அல்லாத வருடத்தில் மார்ச் முதலாம் திகதி தொடக்கம் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் வழமை. அவர்களுக்கு வேறு வித்தியாசம் வந்தாலோ, மற்றவர்களுக்கு ஒரு நாளாவது பிசகினாலோ பிறப்புச் சான்றிதழைக் கேளுங்கள். அனுப்ப முதல் ஒரு பிரதி அடித்து, அவரையே வாசிக்கவைத்து, கையெழுத்து வாங்குங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து. அந்தத் தம்பியின் கொம்பியூட்டரைத் திறந்தேன். முகப்பிலேயே எட்டு மாதத்து அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகங்கள், கடைக்கு வந்துபோனவரின் வாட்ஸ்அப்கூட மூடப்படவில்லை. விற்பதற்கு முன் அதை எல்லாம் அழிக்கச் சொன்னேன். "அதுவுமா அண்ணை?" என்றார்.