சோயா சாஸில் கோதுமை: ஆய்வக எண்ணை நம்பலாமா?

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடல் சுவரைக் கெடுக்கும் சீலியாக் நோய் உறுதியாகி என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை, சமையலறையில் உள்ள பாட்டில்கள் எல்லாவற்றின் பின்பக்கத்தையும் செல்பேசியில் படமெடுத்து வருவது. ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் அதற்குள் அவர்களே நிறுத்தியிருப்பார்கள். படங்களில் அடிக்கடி மாட்டுவது சோயா சாஸ்தான். "இது சோயாவுல செய்யறதுதானே மேடம்?" என்பார்கள். சோயாவில் குளூட்டன் இல்லை என்பது சரி. ஆனால் பாட்டிலில் சோயா மட்டும் இல்லை.

ஜப்பானிய முறையில் செய்யப்படும் வழக்கமான சோயா சாஸில் சோயாவும் கோதுமையும் ஏறக்குறையச் சம அளவில் சேர்கின்றன. சோயாவை வேகவைத்து, வறுத்து உடைத்த கோதுமையோடு கலந்து, கோஜி என்ற பூஞ்சையை அதன்மேல் தூவி வளரவிடுவார்கள். பூஞ்சை படர்ந்த பிறகு அதை உப்புக்கரைசலில் கொட்டி மாதக்கணக்கில் ஊறவிடுவார்கள். கோதுமையின் மாவுச்சத்து சர்க்கரையாகி, அதில் ஒரு பகுதி ஆல்கஹாலாகி, சாஸுக்கு அதன் மணத்தைத் தருகிறது. ஆகவே கோதுமை தவறிப்போய்ச் சேர்ந்த பொருள் இல்லை, செய்முறையில் பாதி அது. சீன முறை சாஸ்களிலும் கோதுமையோ கோதுமை மாவோ பெரும்பாலும் உண்டு. 'ஷிரோ' எனப்படும் வெளிர்நிற ஜப்பானிய வகையில் சோயாவைவிடக் கோதுமைதான் அதிகம்.

இந்த அளவுக்குப் பலரும் லேபிளைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அதை என்னிடம் கொண்டுவந்தவர் முப்பத்தைந்து வயதுக்காரர், கணக்காளர். ரத்தசோகைக்குக் காரணம் தேடும்போது சீலியாக் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு வருடம் கோதுமை, பார்லி, ரை மூன்றையும் விட்டிருந்தார். ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் அளவு முதலில் வேகமாக இறங்கியது. பிறகு இயல்பு எல்லையைப் போல மூன்று மடங்கில் நின்றுவிட்டது. அவருடைய மருத்துவர், உணவில் எங்கோ கசிகிறது என்று சந்தேகித்து என்னிடம் அனுப்பினார்.

இரண்டு வாரம் சாப்பிட்டதை எல்லாம் எழுதச் சொன்னேன். வாரத்தில் நான்கு இரவுகள் காய்கறியோ கோழியோ வதக்கிச் சோற்றோடு சாப்பிட்டிருந்தார், ஒவ்வொரு முறையும் சுமார் இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ் ஊற்றி. வாரம் ஒருமுறை வெளியே சாப்பாடு. பாட்டிலின் பின்பக்கத்தில் 'தண்ணீர், சோயா, கோதுமை, உப்பு' என்று தெளிவாகவே இருந்தது. அவர் அதைப் படிக்காமல் விட்டவர் அல்ல. கோதுமை இருப்பது தெரிந்தும், நொதித்தலில் குளூட்டன் சிதைந்துவிடும் என்று படித்து, ஒரு சோயா சாஸைப் பரிசோதித்த அறிக்கையையும் அச்செடுத்து வைத்திருந்தார். அதில் குளூட்டன் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கும் குறைவு என்று இருந்தது. பன்னாட்டு உணவு விதிகளை வகுக்கும் கோடெக்ஸ், 'குளூட்டன் இல்லாதது' என்று சொல்ல வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 20 மில்லிகிராம். "அப்புறம் என்ன மேடம் பிரச்சினை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

பதில் அந்தப் பரிசோதனைக்குள்ளேயே இருக்கிறது. குளூட்டன் என்பது நீளமான புரதச் சங்கிலி. எலைசா என்ற பரிசோதனையில் வழக்கமாகப் பயன்படும் முறை, ஒரு எதிர்ப்பொருளால் சங்கிலியின் ஓர் இடத்தைப் பிடித்து, இன்னொரு எதிர்ப்பொருளால் அதே சங்கிலியின் வேறோர் இடத்தையும் பிடிக்கிறது. இரண்டு பிடியும் கிடைத்தால்தான் 'இருக்கிறது' என்று பதிவாகும். மீன் வலையின் கண்ணைவிடச் சின்ன மீன் வலைக்குள் நிற்காது. அதுபோல, பூஞ்சையின் நொதிகள் மாதக்கணக்கில் வெட்டி நறுக்கிய துண்டுகளில் பல, இரண்டு பிடிக்கு இடம் தராத அளவுக்குக் குட்டையாகியிருக்கும். அவை கண்ணில் படாமல் நழுவுகின்றன. வந்த எண் 'முழுசான குளூட்டன் இவ்வளவு' என்பதைத்தான் சொல்கிறது. துண்டுகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

துண்டு துண்டாகிவிட்டால் தீங்கும் போய்விடாதா? எல்லாத் துண்டிலும் போய்விடாது, அதுதான் சங்கடம். குளூட்டனில் ப்ரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது நிறைந்த இடங்களை நம் செரிமான நொதிகளால் வெட்ட முடிவதில்லை. அப்படி வெட்டுப்படாமல் தப்பும் 33 அமினோ அமிலத் துண்டு ஒன்று 2002-இல் விவரிக்கப்பட்டது. சீலியாக் நோயாளிகளின் நோய் எதிர்ப்பு அணுக்களைக் கடுமையாகத் தூண்டும் துண்டு அது. அந்த அணுக்கள் அடையாளம் காணும் நடுப்பகுதியின் நீளமோ வெறும் 9 அமினோ அமிலங்கள்தான். பூஞ்சையிடம் ப்ரோலின் அருகே வெட்டும் நொதிகளும் உண்டு என்பதால் சாஸில் பெரும்பகுதி உண்மையிலேயே சிதைகிறது. எவ்வளவு சிதைகிறது என்பது எத்தனை மாதம் ஊறியது, என்ன வெப்பம், எவ்வளவு உப்பு என்பதைப் பொறுத்தது. ஒரு பாட்டிலுக்குக் கிடைத்த முடிவை இன்னொன்றுக்கு எடுத்துவைக்க முடியாது.

ஒரே பிடியில் அளக்கும் 'போட்டி' வகை எலைசாவும் உண்டு. நொதித்த உணவுக்கு முன்னதைவிட அது பொருத்தமானது. ஆனாலும் அது பிடிப்பது ஒரு குறிப்பிட்ட சிறு வரிசையை. அந்த வரிசை இல்லாத, ஆனால் தீங்கு செய்யும் துண்டைத் தவறவிடும். அந்த வரிசை இருந்தும் தீங்கு செய்யாத துண்டைக் கணக்கில் சேர்க்கும். இந்த எண்ணை முழுக் குளூட்டனின் அளவாக மாற்ற ஒப்புக்கொள்ளப்பட்ட வழி இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020-இல் நொதித்த உணவுகளுக்கென்று கொண்டுவந்த விதி இதை ஏற்றுக்கொண்டே எழுதப்பட்டது. அதன்படி, நொதித்த பொருளுக்குக் 'குளூட்டன் இல்லாதது' என்று போட வேண்டுமானால், முடிந்த பொருளின் பரிசோதனை முடிவு போதாது. நொதிக்கவைப்பதற்கு முன்பே மூலப்பொருட்களில் குளூட்டன் இல்லை என்பதற்குத் தயாரிப்பாளர் பதிவு வைத்திருக்க வேண்டும். கோதுமையில் தொடங்கிய சோயா சாஸ் அந்தப் பெயருக்கு வரவே முடியாது. வீட்டில் பயன்படுத்தும் கையடக்கக் குளூட்டன் சோதனைக் கருவிகளை நம்பி சோயா சாஸை எடைபோடுவதும் இதே காரணத்தால் வீண்.

அவருக்காக ஒரு கணக்கும் போட்டேன், கணக்காளர் அல்லவா. இரண்டு மேசைக்கரண்டி சாஸ் சுமார் 35 கிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லையிலேயே இருந்தாலும் அதில் 0.7 மில்லிகிராம் குளூட்டன்தான். சீலியாக் நோயாளிகளை வைத்து 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் நாளுக்கு 50 மில்லிகிராம் என்ற அளவு மூன்று மாதத்தில் குடல் சுவரைக் கெடுத்தது. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலானோருக்குப் பாதகமில்லை என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2,000 மில்லிகிராம் இருக்கும். அதாவது எண் உண்மையாக இருந்தால் சாஸ் பயப்படத்தக்கதே இல்லை. எண் உண்மையா என்பதுதான் தெரியாத இடம். தீங்கு உறுதி என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பாதுகாப்பு உறுதி இல்லை, தினமும் இல்லாவிட்டாலும் வாரம் நான்கு நாள் அதைச் சாப்பிடுகிறீர்கள், இன்றைக்கு உங்கள் ரத்தப் பரிசோதனையும் இறங்கவில்லை என்றேன். இந்த மூன்றும் சேர்ந்தால் நிறுத்துவதுதான் என் முடிவு.

அந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. மூன்று மடங்கில் நிற்பதற்குச் சாஸ் ஒன்றே காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வெளியே சாப்பிட்டதைத் துருவினோம். அந்த இடத்தில் ரொட்டித்தூள் பூசிய இறைச்சியைப் பொரிக்கும் எண்ணெயிலேயே இவருடைய கோழியையும் பொரித்தார்கள். மேலே சிப்பி சாஸ். அதிலும் பல தயாரிப்புகளில் சோயா சாஸும் கெட்டிப்படுத்தக் கோதுமை மாவும் உண்டு. சாஸையும் அந்தச் சாப்பாட்டையும் சேர்த்தே நிறுத்தினார். ஆறு மாதத்துக்குப் பிறகு அளவு இயல்புக்கு வந்தது. இரண்டில் எது எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணெய்ச் சட்டிதான் பெரிய குற்றவாளி என்று நினைக்கிறேன்.

மாற்றுக்கு அவர் டாமரி வாங்கினார். டாமரி பெரும்பாலும் சோயாவில் மட்டுமே செய்யப்படும் ஜப்பானிய சாஸ், சுவையில் கொஞ்சம் அடர்த்தி. ஆனால் டாமரி என்ற பெயரே உத்தரவாதம் ஆகாது. சிலவற்றில் கொஞ்சம் கோதுமை சேர்க்கிறார்கள். பெயரோடு 'குளூட்டன் இல்லாதது' என்ற வாசகமும் வேண்டும். 'கோதுமை இல்லாதது' என்று மட்டும் போட்டிருந்தால் நிற்க வேண்டும். கோதுமைக்குப் பதில் பார்லி போட்டுச் செய்யும் சோயா சாஸ் உண்டு, பார்லியிலும் குளூட்டன் உண்டு. தேங்காய்ப் பூவின் பதநீரைப் புளிக்கவைத்துச் செய்யும் சாஸில் சோயாவும் இல்லை கோதுமையும் இல்லை, ஆனால் சற்று இனிக்கும்.

நொதிக்காமல், அமிலத்தால் புரதத்தை உடைத்துச் சில நாட்களில் செய்யும் மலிவான சோயா சாஸும் சந்தையில் உண்டு. லேபிளில் 'ஹைட்ரலைஸ்டு தாவரப் புரதம்', கேரமல் நிறம் என்று வரும். அந்தத் தாவரம் எது என்று எழுதியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். சோயா என்றிருந்தால் ஒன்று, கோதுமை என்றோ வெறுமனே 'தாவரம்' என்றோ இருந்தால் வேறு.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது. அது வேறு வகை எதிர்வினை, நிமிடங்களில் வரக்கூடியது. ஊறவைத்த சாஸ் ஒத்துக்கொள்கிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்க்காமல் ஒவ்வாமை மருத்துவரிடம் போக வேண்டும்.

உணவகத்தில் "குளூட்டன் இல்லாமல் கிடைக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் "கிடைக்கும்" என்றுதான் பதில் வரும். அதைவிட, சாஸ் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். இறைச்சி எதில் ஊறியது என்று கேளுங்கள். காலையிலேயே சோயா சாஸில் ஊறவைத்த இறைச்சிக்கு, நீங்கள் வந்து உட்கார்ந்த பிறகு சாஸைத் தவிர்க்கச் சொல்லிப் பயனில்லை. கடைசியாக, வாணலியும் எண்ணெயும் தனியா என்று கேளுங்கள். அந்தக் கணக்காளர் இப்போது சின்னப் பொட்டலங்களில் டாமரியைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார், கோழியை வெறும் உப்பு மிளகோடு சுத்தமான சட்டியில் வதக்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்.